பதினாறாம் நம்பர் ஊசி

அந்தத் தையற்காரருக்கு மெஷின் ஊசி எடுத்துக் கொடுத்துவந்தவள் அவர் மனைவி. ஊசித் தண்டில் பொறித்த பொடி எண் அவர் கண்ணுக்குத் தெரியாது. அவள் இறந்த மூன்றாம் வாரம், ஜீன்ஸ் ஒன்றைத் தடித்த நூலில் தைத்து முடித்தார். பிறகு நூலை மட்டும் மாற்றிவிட்டு, ஒரு குழந்தையின் பனியன் துணிக் கவுனுக்கு ஓரம் அடித்தார். ஓரம் நெடுகத் துளை விழுந்தது. கவுனை வாங்க வந்த தாயிடம் அதைக் காட்டினார்.

"தப்பு என்னோடதும்மா. இது ஜீன்ஸுக்கான பதினாறு. பனியன் இழைய அறுத்துடும். முனை உருண்ட பதினொண்ணு போட்டிருக்கணும்."

"அக்கா எங்கண்ணே?" என்றாள் குழந்தையின் தாய்.

அவர் சொன்னார். அவள் கவுனை விரித்து, துளைகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அந்த ஓரத்த வெட்டிட்டு கட்டையா தச்சிடுங்க. ஊசிங்கள குடுங்க, நான் நம்பர் படிக்கிறேன்" என்றாள்.

அவள் படிக்கப் படிக்க, பதினாறை ஜீன்ஸ் துண்டிலும், பதினொன்றைப் பனியன் துண்டிலும், ஒன்பதை மெல்லிய பருத்தித் துண்டிலும் குத்திவைத்தார்.

அவள் போனபின் மெல்லிய மல் துணிச் சட்டை ஒன்றை எடுத்தார். பருத்தித் துண்டிலிருந்து எடுத்த ஒன்பதாம் நம்பர் ஊசியில் மெல்லிய நூலைக் கோத்து ஓட்டினார். எங்கும் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"நல்லா வந்திருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னார். அறையில் யாரும் இல்லை. சட்டையை மடித்துவைத்தார்.