பூட்டுக்கு மதிப்பெண்

பாட்டில் மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் மனிதவள அதிகாரிக்குப் ‘பூட்டு’ என்று பெயர். வைத்தவர் உற்பத்தி மேலாளர். யார் போய் என்ன சொன்னாலும் அந்த அம்மாளிடமிருந்து ஒரு சொல்லைக்கூடப் பிடுங்க முடியவில்லை என்ற எரிச்சலில் வைத்தது. தொழிலாளர்களோ அதைச் செல்லப் பெயராக்கிக்கொண்டார்கள். “பூட்டு அக்கா இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டேதான் அறைக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

அவருடைய கணவர் வண்டிப் பட்டறையில் எலக்ட்ரீஷியன். மதிப்பீட்டு நாளன்று காலையில் சட்டைக்குப் பட்டன் போட்டபடியே ஆரம்பித்தார்.

“போன வருஷம் மாதிரி நீயா போய் உன் தப்ப ஒப்பிச்சிட்டு வராத.”

“இருந்தா சொல்லத்தானே வேணும்?”

“சொன்ன. குறைச்சுப் போட்டாங்க. இந்த வருஷமும் குறைஞ்சா என்ன ஆகும்?”

பூட்டு அக்காவுக்குத் தெரியும். ஒப்பந்த வேலை அது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தேர்ச்சி மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மகள் கல்லூரிப் படிப்பின் நடுவில் இருந்தாள். இந்த வயதில் வேறு இடத்தில் யார் வேலை கொடுப்பார்கள்?

போன ஆண்டுத் தவறு சின்னதல்ல. ஒரே பெயர், ஒரே இனிஷியல் கொண்ட இரண்டு தொழிலாளர்களின் பணிச் சேர்க்கைத் தேதிகளை மாற்றிப் பதிந்துவிட்டார். அதனால் ஒருவருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைக் கண்டுபிடித்ததும் அவரே, மேலே எழுதிப் போட்டதும் அவரே.

மதிப்பீடு செய்யத் தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி வந்திருந்தார். வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசும் பெண்மணி. கூட்ட அறையில் ஏசி ஒழுகி, மூலையிலிருந்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. மேலதிகாரிக்குப் பக்கத்தில் உற்பத்தி மேலாளர். துறைத் தலைவர் என்ற முறையில் அவர் தன் கருத்தை நேரில் சொல்லி மதிப்பெண்ணும் போட வேண்டும் என்பது விதி.

முதலில் பதிவேடுகள். மேலதிகாரி தன் இஷ்டத்துக்குச் சில பெயர்களைச் சொன்னார். அந்தக் கோப்புகள் வந்தன. கணினியில் இருப்பதை மூலச் சான்றிதழ்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எதுவும் பிசகவில்லை. ஒவ்வொரு கோப்பிலும் தொழிலாளியின் கையெழுத்து இருந்தது.

“இது எதுக்கு?”

“அவங்கவங்க விவரத்த அவங்களே பாத்து, சரின்னு போட்டது மேடம். போன வருஷத்துக்கு அப்புறம் ஆரம்பிச்சேன்.”

அடுத்து ஆள் எடுப்பு. விண்ணப்பித்த எல்லோருக்கும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டிருந்தன. தேறாதவர்களுக்கும் காரணம் எழுதியிருந்தது. ஒரு நேர்காணலின் பாதியில் மட்டும் குழுவிலிருந்து ஒருவர் மாற்றப்பட்டிருந்தார். மேலதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“அது நான்தான்,” என்றார் உற்பத்தி மேலாளர். “பையன் நமக்குத் தெரிஞ்சவன், நல்லவன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு என்னை எழுப்பி வெளிய அனுப்பிட்டாங்க.”

“யாரும் மார்க் எழுதறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு மேடம். தெரிஞ்சவர்னா முதல்லயே சொல்லி ஒதுங்கியிருக்கணும். வேற குழுவ வச்சு அந்தத் தம்பிக்கும் மத்தவங்களுக்கும் திரும்ப நேர்காணல் நடத்தினோம்.”

மேலதிகாரி எதையோ குறித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். குறை தீர்ப்பு. உற்பத்தி மேலாளர் காத்திருந்த இடம் இதுதான்.

“இதுல நான் ஒரு மார்க்குக்கு மேல போட மாட்டேன். எவனோ ஒருத்தன் புகார் குடுத்தான்னு, அத்தனை லைனுக்கும் நைட் ஷிப்ட் போடற முறையவே மாத்திட்டாங்க. முன்னாடி அந்தந்த லைன் சூப்பர்வைசர் போடுவார். இப்ப எல்லாருக்கும் முறை வச்சுச் சுழற்சியாம். யார் குடுத்தது, என்ன குடுத்தது, எனக்கு ஒண்ணும் தெரியாது. இதுக்குப் பேரு குறை தீர்க்கறதா?”

மேலதிகாரிக்கும் அந்தப் புகாரைப் பற்றித் தெரியவில்லை. “சொல்லுங்க. என்ன நடந்தது?”

“தனியாக் கேட்டா உங்ககிட்ட சொல்வேன் மேடம். இங்க சொல்ல முடியாது.”

“பேரு வேண்டாம். எந்த லைன்?”

“ஒரு லைன்ல இருக்கறதே கொஞ்சம் பேர். லைன சொன்னா ஆளச் சொன்ன மாதிரி.”

“நீங்க பதில் சொல்லலன்னா இவர் போடற மார்க் அப்படியே நிக்கும். புரியுதா?”

“புரியுது.”

‘இந்த வருஷமும் குறைஞ்சா?’ என்ற கணவரின் குரல் பூட்டு அக்காவின் காதுக்குள் கேட்டது. முன்னாலிருந்த தண்ணீரைத் தள்ளி வைத்தார்.

உற்பத்தி மேலாளர் மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். “நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். ‘சோடாபுட்டி’ தானே? அவனுக்குத்தான் வாய் நீளம்.” அவருடைய கண்கள் பூட்டு அக்காவின் முகத்திலேயே இருந்தன. “இல்லையா? அப்ப பேக்கிங்ல அந்த நெட்டை. அவனும் இல்லையா? ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவனா?”

பூட்டு அக்கா எழுந்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கப் போட்டு, இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“என்ன இது? பள்ளிக்கூடமா?” என்று வெடித்தார் உற்பத்தி மேலாளர்.

“மன்னிச்சிடுங்க சார். வாய மூடிக்கத் தெரியும். முகத்த மூடிக்கத் தெரியாது. நீங்க பட்டியல முடிங்க, நான் திரும்பிக்கறேன்.”

முதுகுக்குப் பின்னாலிருந்து மேலதிகாரியின் குரல் வந்தது. அது பூட்டு அக்காவை நோக்கி இல்லை.

“யாருன்னு தெரிஞ்சா என்ன சார் செய்வீங்க?”

“சும்மா... தெரிஞ்சுக்கத்தான்.”

“கொஞ்சம் வெளிய இருங்க. கூப்பிடறேன்.”

கதவு மூடிய பிறகே நாற்காலி திரும்பியது.

“இப்ப சொல்லுங்க.”

“புகார் குடுத்தது ஒரு லைன் சூப்பர்வைசர் மேடம். இப்ப வெளிய போனவருக்கு வலதுகையா இருக்காரே, அவரேதான். எதிர்த்துப் பேசறவங்களுக்குத் தொடர்ந்து நைட் ஷிப்ட் போடுன்னு மேலாளர் வாய்மொழியா சொல்லிட்டே இருந்திருக்காரு. அப்படிப் போட்டுப் போட்டு சூப்பர்வைசர் மனசு ஒடிஞ்சு வந்தாரு. விசாரிச்சேன், உண்மைதான். ஒரு லைன்ல மட்டும் மாத்தினா ஆள் தெரிஞ்சிடும். அதனால எல்லா லைனுக்கும் சுழற்சி கொண்டுவந்தேன். சூப்பர்வைசர்கிட்டயும் முடிவச் சொல்லிட்டேன்.”

மேலதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப புகார் துறைத் தலைவர் மேல. அது என்கிட்ட வந்திருக்கணும்.”

“பேரு எங்கயும் போகக் கூடாதுன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு.”

“பேர மறைச்சது சரி. புகார மறைச்சது தப்பு. ஷிப்ட் முறைய மாத்திட்டீங்க, இந்த மனுஷன் அப்படியேதானே உக்காந்திருக்காரு? நாளைக்கு வேற வழி கண்டுபிடிப்பாரு.”

சமாளிக்க ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. அவர் அதை விழுங்கினார்.

“தப்புதான் மேடம். எழுதிக்குங்க.”

மேலதிகாரி எழுதினார். நிறைய எழுதினார். பூட்டு அக்கா அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புகார் யார் மேலயோ, அவர் போடற மார்க்க இதுல சேர்க்க முடியாது. அத எடுத்துட்டேன். மேல அனுப்பாததுக்குக் கழிச்சிருக்கேன். கழிச்சும் தேறிட்டீங்க.” காகிதத்தை இந்தப் பக்கம் தள்ளினார். “ஒப்பந்தம் புதுப்பிக்கச் சொல்லி எழுதியிருக்கேன். புகார் இன்னிக்கே என் கைக்கு வரணும். அவரக் கூப்பிடுங்க. ஆளத் தேடற வேலைய முதல்ல நிறுத்தச் சொல்றேன்.”

வெளியே தாழ்வாரத்தில் உற்பத்தி மேலாளர் சூப்பர்வைசரின் தோளில் கைபோட்டு நின்றிருந்தார். “கவலப்படாத, அவன் எவன்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சிடலாம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரின் முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன பூட்டு, திறந்தாச்சா?”

“உங்கள உள்ள கூப்பிடறாங்க சார்.”

அவர் போனதும் சூப்பர்வைசர் அருகில் வந்தார். “அக்கா...”

“மேடம்கிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். சொல்லாம முடியாது. உங்க பேரு அங்கேருந்து நகராது. இப்ப போங்க, மெஷின் பக்கம் ஆளே இல்ல.”

அவர் போனார், இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே.

பூட்டு அக்கா தன் அறைக்கு வந்து ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் கணவருக்குப் போன் செய்தார்.

“வேலை இருக்கு.”

“அப்பாடா! எவ்வளவு மார்க்? உள்ள என்ன நடந்துச்சு?”

“சாயங்காலம் வரும்போது பால் வாங்கிட்டு வாங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.