நடுவில் மாட்டிய ஞாயிறு

அந்தத் தையல் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்ப்பவருக்குத் தொழிலாளர்கள் வைத்த பட்டப்பெயர் 'கழித்தல்'. சிரித்த முகமாக வேலைக்குச் சேர்ந்த மனிதர்தான். இப்போதெல்லாம் சம்பளச் சீட்டை நீட்டும்போது யார் முகத்தையும் அவர் பார்ப்பதில்லை.

அன்று பட்டன் தைக்கும் அக்கா சீட்டோடு வந்து நின்றாள். "பிள்ளைக்குக் காய்ச்சல்னு ரெண்டே நாள்தான் சார் லீவு போட்டேன். ஆயிரத்து எண்ணூறு பிடிச்சிருக்கீங்களே?"

"எழுதியே தர்றேம்மா" என்று ஒரு தாளை எடுத்தார்.

ஒன்று: மாதச் சம்பளம் 18,000. முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 600.
இரண்டு: சம்பளமில்லாத லீவு சனி, திங்கள். இரண்டு நாள்.
மூன்று: இரண்டு லீவுக்கு நடுவில் வரும் ஞாயிறும் லீவாகும். இது கம்பெனி விதி. ஆக மூன்று நாள்.
நான்கு: 600 × 3 = 1,800. கையில் 16,200.

அக்கா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். "ஞாயித்துக்கிழமை கேட்டுக்கே பூட்டு போட்டிருந்துச்சே சார். லீவு போட்டது நானா, கம்பெனியா?"

அந்த வழியாக வந்த மேனேஜர் தாளை எட்டிப் பார்த்தார். "பிரமாதம்யா! சின்னப் பிள்ளைக்கும் புரியும். வாசல் போர்டுல ஒட்டிடு."

"நல்லாவே புரியுது சார்" என்றாள் அக்கா. "அதான் வயிறு எரியுது."

கணக்கு பார்ப்பவர் அதை ஒட்டிவிட்டு வந்து, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பசை போய்விட்டது. வாசலில் அவருடைய முத்து முத்தான கையெழுத்து அப்படியே இருந்தது. இனி தினமும் அதைத் தாண்டித்தான் அவரும் உள்ளே வர வேண்டும்.