ஸ்லிப்பில் இல்லாத ஞாயிறுகள்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் உட்கார்ந்திருப்போம். வேலையில் அடிபட்டு இழப்பீட்டுக்கு அலையும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உதவி கேட்டு வருவார்கள். நான் கப்பல் பட்டறையில் ஆயுசு முழுக்கச் சம்பளக் கணக்குப் போட்டவள். ஓய்வு பெற்ற பிறகு செங்காங் வீட்டில் டிவி முன்னால் உட்கார எனக்குப் பொறுமை இல்லை. பொறுமை எனக்கு எப்போதுமே கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டுத் தம்பி ஒருவன் வந்தபோது அவனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. தெம்பனிஸில் ஒரு கட்டடத் தளத்தில் கம்பி வளைக்கும் இயந்திரம் இழுத்துவிட்டது. கிராஞ்சி விடுதியிலிருந்து லாரியில் போய் வந்து கொண்டிருந்தவன், அதன் பிறகு பல மாதங்களாக விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நடந்தான். டாக்டர்கள் கையைப் பரிசோதித்து நிரந்தர ஊனம் இத்தனை சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். அதை வைத்துக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டைக் கணக்கிட்டு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. அதைத்தான் என் மேசையில் வைத்தான்.

"அக்கா, இது சரியா இருக்கான்னு பாருங்க."

கணக்கில் ஒன்றும் மாயமில்லை. விபத்துக்கு முந்தைய ஒரு வருடத்தில் வாங்கியதைக் கூட்டி, மாதச் சராசரி எடுப்பார்கள். அடிப்படைச் சம்பளம் மட்டுமல்ல, ஓவர்டைமும் அதில் சேரும். அந்தச் சராசரியை வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்கி, ஊனத்தின் சதவீதத்தைப் போட்டால் தொகை வந்துவிடும். மருத்துவ விடுப்பில் கிடைத்த சம்பளமும் இதே சராசரியை வைத்துத்தான்: வெளிநோயாளி விடுப்பென்றால் முதல் பதினான்கு நாள் முழுசாக, அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு. ஆக எல்லாமே அந்த ஒரு சராசரியில் நிற்கிறது. அது குறைந்தால் விரலின் விலையே குறைந்துவிடும்.

நோட்டீஸில் இருந்த சராசரியைப் பார்த்தேன். கட்டுமான ஆட்கள் எவ்வளவு வேலை செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"ஞாயித்துக்கிழம நீங்க வேலைக்குப் போகலையா தம்பி?"

"போனேன் அக்கா. மாசம் மூணு ஞாயிறாவது போவேன்."

"அந்தக் காசு எங்க? ஸ்லிப்புல இல்லையே."

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்ல வந்தது கதை. இங்கே வர ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கித் தந்தவர் அவனுடைய அண்ணன். அதனால் மாதாமாதம் சம்பள ஸ்லிப்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்ப வேண்டும். அதில் உள்ள தொகையில் சாப்பாட்டுச் செலவு போக மிச்சமெல்லாம் அண்ணன் கணக்குக்குப் போகவேண்டும். அண்ணன் வீட்டில் இருக்கும் மனைவிக்கோ தனிக்குடித்தனம் போக ஆசை. இவன் என்ன செய்தான்? ஞாயிற்றுக்கிழமைக் காசை ஸ்லிப்பில் போடாமல் உறையில் வைத்துக் கையில் கொடுக்கும்படி சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டான். அந்தக் காசு ஊருக்குப் போகும் ஆட்கள் கையில் மாமியார் வீட்டுக்குப் போனது. இவன் மட்டுமல்ல, அந்த லாரியில் வரும் பாதிப் பேர் இப்படித்தானாம். ஒருவனுக்கு அண்ணன், ஒருவனுக்கு அப்பா, ஒருவனுக்குக் கட்டின பெண்டாட்டியே.

சூப்பர்வைசருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஓய்வு நாளில் கூப்பிட்டு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தரவேண்டும். உறையில் தந்ததோ ஒற்றை. கேட்க எவன் வருவான்? இரகசியம் இவர்களுடையது, லாபம் அவர்களுடையது.

"சம்பளத்த ஸ்லிப்புல போடாதீங்கன்னு எவனாவது கேப்பானா? உனக்கு மூளை இருக்கா இல்லையா?" என்றேன். கோபம் வந்தால் எனக்கு 'நீங்க' எல்லாம் நிற்காது. திட்டியதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதும் இல்லை.

ஆட்சேபம் தெரிவிக்கப் பதினான்கு நாள் அவகாசம் உண்டு. மனிதவள அமைச்சிடம் போகலாம், ஆனால் சொன்னால் மட்டும் போதாது, ஏதாவது காட்டவேண்டும். அங்கேயே அவனுடைய ஃபோனில் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் சிங்கப்பூர்த் தமிழர்தான்.

"அவரே கேட்டாரு லா, நான் ஹெல்ப் பண்ணேன். இப்ப என்னைய மாட்டி விடுறீங்களா? கேஷ் எல்லாம் எனக்குத் தெரியாது. ஸ்லிப்புல அவர்தான் சைன் பண்ணியிருக்காரு."

உதவியாம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று எண்ணுகிற ஜென்மங்கள்.

அடுத்த வாரம் அவனோடு உறை வாங்கிய இரண்டு பேரை வரவழைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். நாங்களும் வாங்கினோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அதிகாரி கேட்டால் சொல்லுங்கள் என்றேன். மூத்தவன் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பேசினான்.

"சொன்னா வொர்க் பெர்மிட்ட கட் பண்ணிருவான் அக்கா. அத விடுங்க, என் வீட்டுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்."

இளையவன், பார்க்கலாம் என்றான். பிறகு என் ஃபோனை எடுக்கவே இல்லை.

ஆனாலும் நான் விடுவதாக இல்லை. சாட்சி இல்லாவிட்டால் என்ன? ஞாயிறுகளில் இவன் தளத்துக்குள் நுழைந்த பதிவு இருக்கும், அதைக் கேட்கச் சொல்லலாம். பதிவில் ஆள் இருந்து ஸ்லிப்பில் சம்பளம் இல்லையென்றால் கம்பெனி பதில் சொல்லியாகவேண்டும். அவகாசம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. ஆட்சேபப் படிவத்தை முழுசாக நிரப்பி அவன் முன்னால் வைத்தேன்.

இடது கையால் பேனாவை எடுத்தான். வைத்துவிட்டான்.

"அக்கா, ஜெயிச்சா புது நோட்டீஸ் வருமா?"

"வரும்."

"அதுல மாசச் சராசரி எவ்வளவுன்னு போட்டிருக்குமா?"

"போடாம?"

"அண்ணன் அதக் கேப்பாரு. இப்ப வந்த நோட்டீஸையே அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருக்காரு. ஸ்லிப்ப வச்சுக் கணக்குப் போட்டுப் பாப்பாரு."

"பாக்கட்டும். உன் விரல், உன் காசு. அவருக்கென்ன?"

"இனிமே இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் எங்க போயி வேல செய்வேன்? அவரு வீட்லதானே இருக்கணும். எம் பொண்டாட்டி, புள்ள எல்லாம் அங்கதான் சாப்பிடணும். காச ஒளிச்சவன்னு தெரிஞ்சா ஒரு நாள் வச்சிருப்பாரா?"

சட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பெருக்கல் எண் இருக்கிறது, இதற்கு இல்லை. நான் கத்தினேன், கெஞ்சினேன். தனிக்குடித்தனத்துக்கு அந்தப் பணம் உதவுமே என்றும் சொல்லிப் பார்த்தேன். சிரித்தான், அவ்வளவுதான். அவகாசம் போயிற்று. ஸ்லிப்பில் இருந்ததை வைத்துப் போட்ட தொகையே நின்றது. பணம் அண்ணன் கணக்குக்குப் போனது. அவனும் ஊருக்குப் போனான்.

சில வாரங்கள் கழித்து இந்தியாவிலிருந்து ஓர் அழைப்பு. அந்த அண்ணன்தான். மரியாதையான குரல், நன்றி சொல்லக் கூப்பிட்டாராம்.

"நீங்க ரொம்ப உதவி பண்ணுனீங்கன்னு தம்பி சொன்னான்மா. நான் ஸ்லிப்ப எல்லாம் கூட்டி வகுத்துப் பாத்தேன். நோட்டீஸுல உள்ள சராசரி அச்சு அசலா அப்படியே இருக்கு. கம்பெனி ஒரு டாலர்கூட ஏமாத்தல. எந்தம்பியும் ஒரு டாலர்கூட மறைக்கல. அந்த நேர்மைக்குத்தான் அவன நான் கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்துவேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டு, "சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.