குறை

எங்கள் கம்பெனியில் என் லைனிலேயே வேலை பார்த்த பீகார்க்காரருக்கு டாக்சி பேரம் பேச நான்தான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். 'எவ்வளவு அண்ணா', 'ரொம்ப ஜாஸ்தி', 'கொஞ்சம் குறைங்க.' இந்தி எழுத்தில் போனில் ஏற்றிக்கொண்டார். நான் திருநெல்வேலிக்காரி, என் இந்தியும் அவர் தமிழும் ஏறக்குறைய ஒரே தரம்.

அன்று மத்தியானம் ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூர் டாக்சி ஸ்டாண்டு வழியாக வந்தால், அவர் வாயெல்லாம் ரத்தம். டாக்சி டிரைவர் அவர் சட்டையைப் பிடித்து மறுபடியும் அறைந்துகொண்டிருந்தான். மனைவியைப் படப்பை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், குளுக்கோஸ் ஏற்றித் திரும்பியிருக்கிறார். அந்தப் பெண் பூட்டிய காருக்குள் கண்ணாடியைக் கையால் குத்திக்கொண்டிருந்தாள். பணம் வந்தால்தான் கதவு திறக்குமாம். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு கல்லை எடுத்து, கதவைத் திறக்காவிட்டால் முன் கண்ணாடி இருக்காது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்தான்.

"இன்னாமா நீ, நாய் மாதிரி குரைன்றான் என்னாண்ட. நாலு தபா சொல்றான். சும்மா வுடுவனா?"

எனக்குப் புரிந்துவிட்டது. மனிதர் 'ங்க'வை முழுங்கியிருக்கிறார். இந்திக்காரருக்கு ற ஏது, ர ஏது?

"பெரிய ற-ண்ணே அது. காசைக் குறைக்கச் சொல்லுதாரு. அதுக்கா இந்த அடி அடிச்சீரு?"

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். டிரைவர் கையை எடுத்தான்.

கல்லைக் கீழே போடாமலே கணக்குப் பேசினேன். வாடகையை முன்னாலேயே பேசாமல், 'பாத்துக்கலாம்' என்று ஏற்றிவிட்டு இப்போது இரண்டாயிரம் கேட்கிறான். போக இருபது கிலோமீட்டர், வர இருபது. கிலோமீட்டருக்கு இருபது ரூபாய் வைத்தால் எண்ணூறு. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மணி நேரம் வெயிட்டிங், மணிக்கு நூறு. மொத்தம் ஆயிரம். பக்கத்து வண்டிக்காரரும் சரிதான் என்றார். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

பீகார்க்காரர் ஆயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, உதட்டைத் துடைத்தபடி என்னிடம் இந்தியில் ஒன்று கேட்டார். அதை அப்படியே டிரைவரிடம் சொன்னேன்.

"நின்னதுக்கு மணிக்கு நூறு. அடிச்சதுக்கு எவ்வளவுன்னு கேக்காரு."

டிரைவர் கொஞ்சம் யோசித்து, அந்தப் பணத்திலிருந்தே இருநூறை உருவி நீட்டினான். அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்தப் பெண் காரிலிருந்து தள்ளாடி இறங்கி வந்தாள். இருநூறை வாங்கிக்கொண்டாள். பளாரென்று அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு அதே இருநூறை அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கணவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.