கருஞ்சிவப்புத் துணி

பிரசவத்துக்கு முத்துப்பேட்டையில் உம்மா வீட்டில் இருந்தேன். பையனுக்கு சுன்னத்தைத் திருத்துறைப்பூண்டி டாக்டரிடம் செய்தோம். தொடங்கும் முன் அவர் கேட்டார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது ரத்தம் நிக்காம போயிருக்கா?"

"அப்படியெல்லாம் யாருக்கும் இல்லீங்க" என்று உம்மா முந்திக்கொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை படித்தவள் நான் ஒருத்தி. டாக்டர் சொன்ன ஒரு சொல்லையும் விடவில்லை. துணி மாற்றும்போதெல்லாம் வாஸ்லின் தடவ வேண்டும். சின்னப் பொட்டுகளாக ரத்தம் பட்டால் பயமில்லை. நுனியில் படியும் மஞ்சள் படலம் சீழ் அல்ல, அதைத் தேய்க்கக் கூடாது. ஆனால் ரத்தம் பரவினால் சுத்தமான துணியால் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் உடனே கிளம்பிவிட வேண்டும். வீக்கம் கூடினாலும், சிவப்பு வயிற்றை நோக்கி ஏறினாலும், சீழ் நாறினாலும், காய்ச்சல் வந்தாலும், மூத்திரம் போகாவிட்டாலும் அப்படித்தான். கறை தெரிய வேண்டும் என்றே பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்து, கொதிக்கவைத்து மடித்திருந்தேன்.

மறுநாள் என் மாமியார் பேரனைப் பார்க்க வந்தார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் உம்மா பையனுக்குக் கருஞ்சிவப்புத் துணியைக் கட்டியிருந்தாள்.

"வெள்ளையில கறை தெரிஞ்சா ஒன் மாமியா நொட்ட சொல்லுவா, சும்மா இருடி" என்று என் காதில் சொன்னாள்.

மாமியார் மடியில் வைத்துக் கொஞ்சினார். "பாட்டி மடிய நனைச்சுட்டியேடா ராஜா!"

வாங்கினேன். ஈரம் பிசுபிசுத்தது. விரலை என் வெள்ளைத் துப்பட்டாவில் துடைத்தேன். சிவப்பு. அவிழ்த்தபோது ரத்தம் சொட்டியது. அழுத்திப் பிடித்தேன்.

"எல்லாப் புள்ளைக்கும் கசியும். காப்பித்தூள் வெச்சுக் கட்டு, நின்னுடும்" என்றாள் உம்மா.

"மருமவ டாக்டருக்கே பாடம் எடுப்பா, நீங்க வேற!" என்று மாமியார் சிரித்தார். பிறகு குழந்தையின் வெளுத்த உதட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

பத்து நிமிடம் கழித்தும் நிற்கவில்லை. ஆட்டோவிலும் கையை எடுக்கவில்லை.

டாக்டர் அதே கேள்வியை இன்னொரு முறை, உம்மாவைப் பார்த்துக் கேட்டார். உம்மா தரையைப் பார்த்தாள்.

"என் தம்பி... சுன்னத்து பண்ணுனப்ப ரத்தம் நிக்காமதான் மவுத்தானான். கண்ணு பட்டுடுச்சுன்னு சொல்லிட்டோம்."

"நோவ மறைச்சு பொண்ணு குடுத்திருக்கீங்க" என்றார் மாமியார். "இத்தன நாளா எங்க வீட்டுச் சோத்தத் தின்னது நோய்க்காரியா?" அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார், உம்மாவை அல்ல.

தஞ்சாவூருக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். ரத்தம் உறைவதற்கான மருந்தை ஊசியில் ஏற்றிய பிறகுதான் நின்றது. தாய் வழியாக ஆண்பிள்ளைக்கு வருகிற குறை, வாழ்நாள் முழுக்க இருக்கும் என்றார்கள். பையன் பிழைத்தான். மாமியார் பிறகு அவனைத் தூக்கவில்லை.

வார்டு வராந்தாவில் உம்மா என் கையைப் பிடித்தாள். "தங்கச்சிக்கு சம்பந்தம் பேசுறோம். அவகிட்டகூட வாயத் தொறக்காத."

"அவளுக்கும் ரத்தம் பார்க்கணும் உம்மா. நான் அவகிட்ட சொல்லிட்டேன்."

உம்மா கையை உதறினாள். "ஒன்ன பள்ளிக்கூடம் அனுப்பினதுக்கு, அன்னைக்கே கெணத்துல தள்ளியிருக்கலாம்."

மறுவாரம் தங்கை தனியாகப் பஸ் ஏறித் தஞ்சாவூர் வந்தாள். ரத்தம் எடுக்கும் வரிசையில் நான் அவளோடு நின்றேன்.