பெயருக்கு மேலே ஒரு வரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு வியாபாரிகளிடம் ஆர்டர் வாங்கி அனுப்பி முடிப்பதுவரை என் பொறுப்பு. முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய வீட்டுக்காரர் காங்கேயம் பக்கம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, கம்பெனியை இந்த அம்மாதான் நடத்தினார். இங்கிலீஷ் அதிகம் வராது. என்னை அண்ணா என்று கூப்பிடுவார், நான் மேடம் என்பேன்.

ஒரு நாள் காலை, ஏற்றுமதிக் கம்பெனிகளைப் பட்டியல் போடும் இணையதளத்தில் எங்கள் பக்கத்தைத் திறந்தேன். ஹாலந்துக் கடைக்காரர் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார். டீ சர்ட் ஒரே துவைப்பில் உயரம் குறைந்துவிட்டதாம், இரண்டு மெயில் அனுப்பியும் பதிலே இல்லையாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கே நாம் ஒரு முறைதான் பதில் போடலாம், போட்டால் அதைத் திருத்த முடியாது, அழிக்கவும் முடியாது. அது தெரிந்தே தட்டினேன். கொதிக்கிற தண்ணீரில் துவைத்துவிட்டு எங்களைக் குறை சொல்லாதீர்கள், லேபிளைப் படியுங்கள் என்று எழுதி முடித்து, அனுப்புவதற்கு முன்னால் மேடத்திடம் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

அந்தம்மா அந்த ஆர்டரில் எங்களுக்கென்று எடுத்து வைத்த ஒரு பீஸைக் கொண்டுவரச் சொன்னார். லேபிளில் இருந்தபடியே துவைத்துக் காயவைத்து, டேப் வைத்து அளந்தார்கள். உயரத்தில் இரண்டு அங்குலத்தைக் காணோம். ஏனென்று எனக்குத் தெரியும். நிட்டிங் என்கிற பின்னல் துணி ரோலாக வந்ததும் அதைப் பிரித்துத் தளர்வாகப் போட்டு ஒரு நாளாவது விட வேண்டும். இழுபட்ட துணி அப்போதுதான் தன் அளவுக்குத் திரும்பும். இந்தத் துணி வண்டியிலிருந்து இறங்கி நேராக வெட்டு மேசைக்குப் போனது. கப்பல் தேதி நெருங்குகிறது, வெட்டுங்கள் என்று கட்டிங் மாஸ்டரை விரட்டியவன் நான்தான்.

"ரெண்டு மெயில் போட்டேங்கறாரே, வந்துச்சுங்களாண்ணா?" என்று மேடம் கேட்டார்.

வந்திருந்தது. கடைக்காரர் கொஞ்சம் ஆறட்டும் என்று நான்தான் மறைத்து வைத்திருந்தேன். இதைச் சொன்னால் பதினோரு வருட வேலை போகும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். விரட்டி வெட்டச் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். கட்டிங் மாஸ்டர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார், அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மேடம் திட்டுவார் என்று காத்திருந்தேன். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் தட்டினேன். எடுத்துச் சொன்னதற்கு நன்றி. துவைத்துப் பார்த்தோம், நீங்கள் சொன்னது சரி. துணியைத் தளரவிடாமல் வெட்டியது எங்கள் தவறு, மன்னிக்க வேண்டும். இனி ஒரு நாள் பிரித்துப் போட்ட பிறகே வெட்டுவோம். மற்றதைப் பேச இன்றே உங்களுக்குத் தனியாக எழுதுகிறோம். அவ்வளவுதான். ஹாலந்துக்காரர் கடை, ஆர்டர் எதையும் குறிப்பிட வேண்டாம், ஊரே படிக்கிற இடம் என்றார். மாற்றுத் துணி அனுப்புவதைப் பற்றியும் அங்கே பேசக் கூடாது, அது அவருக்கும் நமக்கும் உள்ளது என்றார். இங்கிலீஷ் தெரியாதவருக்கு இவ்வளவு பதம் எங்கிருந்து வந்தது என்று மலைத்துப் போனேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற பக்கத்தில், வீட்டுக்கு வந்தவரை வாசலில் நின்று வாங்க என்பதுபோலப் பேசுகிறார்!

மெயில் விஷயம் பாக்கி இருந்தது. 'எங்கள் மேனேஜர் உங்கள் மெயில்களுக்குப் பதில் எழுதவில்லை' என்று நானே தட்டி, கூசிக்கொண்டே வாசித்தேன்.

"மேனேஜரை எடுத்துடுங்கண்ணா. 'நான் எழுதல'ன்னு போடுங்க. கீழ எம்பேருதானுங்க இருக்குது" என்றார்.

மாற்றினேன். அந்த ஒரு வரிக்குக் கீழே அவர் பெயரைத் தட்டி அனுப்பினேன்.

மறுநாள் மதியம் ஹாலந்துக்காரர் போன் செய்தார். மேடம்தான் எடுத்தார். 'இனிமேல் என் மெயிலை யார் படிப்பார்கள்?' என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது. இந்த ஆள் இல்லை என்று மேடம் சொல்லப் போகிறார், என் கணக்கு முடிந்தது என்று எழுந்து நின்றேன். அந்தம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மை பிரதர். ஹீ வில் ரீட்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். இனி உங்கள் மெயிலை நான்தான் படிப்பேன் என்று அவரிடம் இங்கிலீஷில் சொன்னேன்.