ஏழாவது பத்தி

மதியம் மூன்று பத்துக்கு என் மகனுக்குக் காய்ச்சல் கூடிவிட்டதாகப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. அப்போது நான் கொடைக்கானலில், வங்கி அலுவலர் மேஜைக்கு முன்னால், நான்கு பெண்களுக்குக் கடன் ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தேன். நால்வரும் எங்கள் ஊரான வில்பட்டிக்காரர்கள். ஆளுக்கொரு தொழில்; ஆனால் கடன் குழுவின் பேரில். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர்களுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். பள்ளிக்கூட ஆசிரியை என்பதால் என்னை அழைத்திருந்தார்கள்.

தொகை, வட்டி, வாரத் தவணை எல்லாம் நிதானமாகத்தான் சொன்னேன்.

"டீச்சர் பாடம் நடத்துறாப்ல இருக்கு. பரீட்சை உண்டாங்க?" என்றாள் டீக்கடை வைத்திருந்தவள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஏழாவது பத்தியில் கண் ஓடியது. ஒருத்தி கட்டாவிட்டால் அவள் பாக்கி முழுவதையும் மற்ற யாரிடமிருந்தும் வங்கி வசூலிக்கலாம்; அவர்கள் சேமிப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு நன்றாகவே புரிந்தது. வாசித்தால் கேள்வி கேட்பார்கள், நாலு மணி பஸ் போய்விடும்.

"மத்ததெல்லாம் வழக்கமா இருக்குறதுதான்" என்றேன்.

நால்வரும் கையெழுத்திட்டார்கள். அடியில், 'முழுவதும் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே நான் போட்டேன். மகனுக்கு அன்று இரவே காய்ச்சல் இறங்கிவிட்டது.

அந்த வருஷ மழையில் உருளைக்கிழங்குச் செடிகள் கருகி அழுகின. விதைக்கிழங்கு வாங்கக் கடன் எடுத்தவள் நாலு தவணை தவறவிட்டாள். ஒரு நாள் வெள்ளனே வீட்டைப் பூட்டிவிட்டு, குடும்பத்தோடு அடுக்கம் மலைப்பாதை வழியாகக் கீழே இறங்கிப் போனவள் திரும்பவில்லை.

டீக்கடைக்காரி தன் தவணையில் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. ஆனால் நால்வரில் அவள் ஒருத்திக்குத்தான் அதே வங்கியில் சேமிப்பு இருந்தது. மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்க வைத்திருந்த பணம். சேர்க்கைக்குக் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின நாள் எடுக்கப் போனபோது, ஊரைவிட்டுப் போனவள் பாக்கிக்கு வரவு வைத்தாயிற்று என்றார்கள்.

விஷயம் காதுக்கு வந்ததும், மறுநாள் காலை நான் வங்கிக்கு ஓடினேன். மேலாளர் சத்தம்கூடப் போடவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"நீங்கதானே விளக்குனீங்க?"

டீக்கடைக்காரி மகளும் என் மகனும் ஒரே வயது. அந்த வருஷம் என் மகன் கல்லூரிக்குப் போனான். அவள் மகள் டீக்கடையில் டம்ளர் கழுவினாள். அந்த வழியில் போவதையே விட்டேன்.

அவள் சண்டைக்கு வருவாள் என்று தினமும் எதிர்பார்த்தேன். கிறிஸ்துமஸ் முடிந்து, ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வங்கியில் கேட்டு வாங்கிய பத்திர நகலை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"வாசிங்க டீச்சர். ஒரு வரி விடாம. இனிமே எனக்கு அவசரச் சோலி ஒண்ணும் இல்ல."